மாத வளர்ச்சியா, ஆண்டு வளர்ச்சியா? துணிக்கடை விற்பனை அறிக்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பில்லிங் சாஃப்ட்வேர்ல MoM-னு ஒரு சதவீதம், YoY-னு ஒரு சதவீதம் வருது. ஒண்ணு ஏறுது, ஒண்ணு இறங்குது. எதை நம்பறது?

இரண்டும் சரியான கணக்குதான். பதில் சொல்லும் கேள்விதான் வேறு. MoM இந்த மாத விற்பனையைப் போன மாதத்தோடு ஒப்பிடுகிறது. YoY இந்த மாத விற்பனையைப் போன வருஷத்தின் இதே மாதத்தோடு ஒப்பிடுகிறது. இங்கே முதலாவதை மாத ஒப்பீடு என்றும் இரண்டாவதை ஆண்டு ஒப்பீடு என்றும் சொல்கிறேன்.

பால் கடைக்கும் மருந்துக் கடைக்கும் வருஷம் முழுக்க வியாபாரம் ஏறத்தாழ ஒரே சீராக நடக்கும். அங்கே மாத ஒப்பீட்டை நேரடியாகவே படிக்கலாம். துணிக்கடை அப்படி இல்லை. தீபாவளிக்கு ஒரு மாதம், பொங்கலுக்கு இரண்டு வாரம், முகூர்த்த மாதங்கள், பள்ளி திறக்கும் சமயம் என்று வியாபாரம் குவிந்து நடக்கும், மற்ற நாட்களில் மந்தமாக இருக்கும். அதனால் துணிக்கடையின் மாத ஒப்பீட்டில் தெரிவது பெரும்பாலும் பண்டிகைக் காலண்டர்தான். கடை வளர்ந்ததா என்று பார்க்க ஆண்டு ஒப்பீடு வேண்டும். அதிலும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது: தீபாவளி ஒரே தேதியில் வருவதில்லை. இந்தப் பக்கத்தின் பெரும்பகுதி அதைப் பற்றியதுதான்.

கீழே வரும் தொகைகள் ஒரு சிறு நகரத்து ரெடிமேட் கடையை மனதில் வைத்து நான் அமைத்த மாதிரிக் கணக்கு. எல்லாம் லட்சத்தில், ஜிஎஸ்டி சேர்க்காமல்.

சாஃப்ட்வேர் இல்ல, எக்செல்லதான் எழுதறேன். ஃபார்முலா என்ன போடணும்?

A பத்தியில் மாதம், B-யில் விற்பனை, C-யில் அந்த மாதம் கடை திறந்திருந்த நாட்கள். முதல் வரிசை தலைப்பு, இரண்டாம் வரிசையிலிருந்து மாதங்கள். D-யில் ஒரு நாள் சராசரி. அதன் பிறகு மாத ஒப்பீடும் ஆண்டு ஒப்பீடும்:

```
D2:   =B2/C2
E3:   =D3/D2-1
F14:  =B14/B2-1
```

E, F பத்திகளின் ஃபார்மேட்டைச் சதவீதமாக மாற்றிக்கொண்டு, D, E, F மூன்றையும் கீழே இழுத்துவிட்டால் போதும். மாத ஒப்பீட்டை மொத்த விற்பனையில் போடாமல் நாள் சராசரியில் போட்டிருக்கிறேன். காரணம் பிப்ரவரி பற்றிய கேள்வியில் வரும்.

இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். F பத்தி "12 வரிசை மேலே" என்று மட்டுமே பார்க்கிறது, மாதத்தின் பெயரைப் பார்ப்பதில்லை. கடை பூட்டியிருந்த ஒரு மாதத்தை எழுதாமல் விட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஒரு வருஷத்துக்கு எல்லா ஒப்பீடும் ஒரு மாதம் தள்ளிப்போய்விடும். எக்செல் எந்த எச்சரிக்கையும் தராது. விற்பனை இல்லாத மாதத்துக்கும் பூஜ்யம் போட்டு ஒரு வரிசை வையுங்கள். அதோடு ஒப்பிடும் இடத்தில் `#DIV/0!` என்று வரும். அது வரட்டும், அந்த மாதத்துக்கு ஒப்பீடு இல்லை என்பதுதான் உண்மை.

2024 அக்டோபர்ல 88% வளர்ச்சி காட்டுச்சு. அடுத்த மாசமே 59% சரிவு. கடையில எதுவும் மாறல. எப்படி?

மாறியது தீபாவளித் தேதி. 2023-இல் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. 2024-இல் அக்டோபர் 31, வியாழக்கிழமை. முதல் வருஷம் பண்டிகை வியாபாரம் அக்டோபர் கடைசியிலும் நவம்பர் முதல் 12 நாட்களிலுமாகப் பிரிந்து விழுந்தது. அடுத்த வருஷம் அது முழுக்க அக்டோபருக்குள்ளேயே முடிந்தது.

மாதிரிக் கடையின் கணக்கு இது:

| மாதம் | 2023 | 2024 | ஆண்டு ஒப்பீடு |
|---|---|---|---|
| அக்டோபர் | 8.2 | 15.4 | +88% |
| நவம்பர் | 9.8 | 4.0 | −59% |
| இரண்டும் சேர்த்து | 18.0 | 19.4 | +8% |

கடையின் உண்மையான வளர்ச்சி கடைசி வரியில் இருக்கிற 8%. மேலே இருக்கும் இரண்டு எண்களும் ஒரே பணம் ஒரு மாதத்திலிருந்து இன்னொரு மாதத்துக்கு இடம் மாறியதால் வந்தவை.

மாத ஒப்பீடு இன்னும் மோசமாகக் காட்டும். 2024 செப்டம்பரில் 5.6 லட்சம் என்று வைத்துக்கொண்டால், அக்டோபரில் மாத வளர்ச்சி 175%, நவம்பரில் 74% சரிவு. இந்த இரண்டு எண்களையும் வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. தீபாவளிக்குப் பிறகு துணிக்கடை காலியாக இருக்கும் என்பது கடைப் பையனுக்கும் தெரியும்.

நவம்பர் எண்ணை இழுத்துவிட்ட இன்னொன்றும் உண்டு. தீபாவளிக்கு எடுத்த துணியில் அளவு சரியில்லாதது, நிறம் பிடிக்காதது எல்லாம் பண்டிகை முடிந்த வாரத்தில் திரும்பி வரும். பதிலுக்கு வேறு துணி எடுத்தால் கணக்கு நேராகிவிடும். கிரெடிட் நோட் போட்டால் அந்தத் தொகை நவம்பர் விற்பனையில் கழியும். விற்றது அக்டோபரில், கழிவது நவம்பரில். தீபாவளி மாதக் கடைசியில் வரும் வருஷங்களில் இது தவிர்க்க முடியாதது. இரண்டு மாதத்தையும் சேர்த்துப் பார்க்க இதுவும் ஒரு காரணம்.

சரி, அக்டோபர் நவம்பரைச் சேர்த்தே பார்த்துட்டேன். 2025-ல வளர்ச்சியே இல்லன்னு வருது. ஆனா கூட்டம் நல்லா இருந்துச்சே?

2025 தீபாவளி அக்டோபர் 20, திங்கட்கிழமை. இன்னும் 11 நாள் முன்னால் வந்துவிட்டது. அதனால் பண்டிகை வியாபாரத்தின் தொடக்கம் செப்டம்பருக்குள் புகுந்துவிட்டது. நீங்கள் சேர்த்த இரண்டு மாதப் பெட்டிக்கு வெளியே ஒரு பங்கு விழுந்துவிட்டது.

| மாதம் | 2024 | 2025 | ஆண்டு ஒப்பீடு |
|---|---|---|---|
| செப்டம்பர் | 5.6 | 6.9 | +23% |
| அக்டோபர் | 15.4 | 14.4 | −6% |
| நவம்பர் | 4.0 | 4.9 | +23% |
| மூன்றும் சேர்த்து | 25.0 | 26.2 | +5% |

அக்டோபர், நவம்பர் மட்டும் சேர்த்தால் 19.4 லட்சம் 19.3 ஆகிறது, வளர்ச்சி இல்லை என்று தெரிகிறது. செப்டம்பரையும் சேர்த்தால் 5% வளர்ச்சி. துணிக்கடைக்கு செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மூன்றையும் ஒரே பருவமாக எடுத்துக்கொள்வதுதான் பத்திரமான வழி. தீபாவளி இந்த மூன்று மாதத்துக்குள் எங்கே நகர்ந்தாலும் மொத்தம் கெடாது.

மூன்று மாதம் முடியும்வரை காத்திருக்க முடியாது என்றால் தீபாவளியை வைத்து நாளை எண்ணுங்கள். பண்டிகை நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய 45 நாள் விற்பனையை எடுத்து, போன வருஷத்தின் அதே 45 நாளோடு ஒப்பிடுங்கள். தேதிகள் இப்படி வரும்:

| ஆண்டு | 45 நாள் |
|---|---|
| 2023 | செப்டம்பர் 29 முதல் நவம்பர் 12 வரை |
| 2024 | செப்டம்பர் 17 முதல் அக்டோபர் 31 வரை |
| 2025 | செப்டம்பர் 6 முதல் அக்டோபர் 20 வரை |
| 2026 | செப்டம்பர் 25 முதல் நவம்பர் 8 வரை |

இதற்கு மாத மொத்தம் போதாது, தினசரி விற்பனை வேண்டும். பெரும்பாலான பில்லிங் சாஃப்ட்வேர்களில் இரண்டு தேதிகளுக்கு இடைப்பட்ட விற்பனையை எடுக்க முடியும். கையால் எழுதும் கடையில் தினசரி கல்லாக் கணக்கு நோட்டைக் கூட்டினால் ஆயிற்று. இந்த முறையின் பெரிய லாபம், பருவம் நடக்கும்போதே பார்க்கலாம் என்பது. தீபாவளிக்கு 20 நாள் இருக்கும்போது போன வருஷம் இதே 20 நாள் மிச்சமிருந்தபோது எவ்வளவு விற்றிருந்தது என்று பார்த்தால், இன்னும் சரக்கு எடுக்கலாமா வேண்டாமா என்று அப்போதே முடிவு செய்யலாம்.

முழுக்கச் சமமான ஒப்பீடு இதுவும் இல்லை. அக்டோபர் 31-இல் தீபாவளி வரும்போதும் நவம்பர் 12-இல் வரும்போதும் அக்டோபர் 20-இல் வரும்போதும், சம்பளத் தேதிக்கும் பண்டிகைக்கும் உள்ள இடைவெளி ஒன்றல்ல. மாதக் கடைசியில் சம்பளம் வாங்குகிற குடும்பம் அக்டோபர் 20 தீபாவளிக்கு, செப்டம்பர் சம்பளத்திலும் போனஸிலும்தான் துணி எடுத்திருக்கும். பண்டிகைக்கு முந்தைய மூன்று வாரமும் முழுக்க மழை பெய்த வருஷத்தையும் எந்த ஃபார்முலாவும் சரிசெய்யாது. அதையெல்லாம் குறிப்பாக எழுதி வைக்கலாம், அவ்வளவுதான்.

2026 அக்டோபர் எப்படி இருக்கும்?

அறிக்கையில் மோசமாகத் தெரியும். 2026 தீபாவளி நவம்பர் 8. சந்திர மாதங்களை வைத்து வரும் பண்டிகை என்பதால் ஒவ்வொரு வருஷமும் சுமார் 11 நாள் முன்னால் நகரும், இடையில் கூடுதலாக ஒரு சந்திர மாதம் வரும் வருஷம் பின்னால் தள்ளிப்போகும். 2026 அப்படித் தள்ளிப்போகிற வருஷம். 2025 அக்டோபரில் தீபாவளி வியாபாரத்தின் பெரும்பகுதி இருந்தது. 2026-இல் அதில் ஒரு பெரிய பங்கு நவம்பருக்குப் போய்விடும். அக்டோபரின் ஆண்டு ஒப்பீடு பெரிய சரிவையும் நவம்பர் பெரிய ஏற்றத்தையும் காட்டும். அக்டோபர் அறிக்கையைப் பார்த்துப் பயந்து, ஆர்டர் கொடுத்த சரக்கை நிறுத்திவிடாதீர்கள். அந்த மாத வரியில் "தீபாவளி நவம்பர் 8" என்று இப்போதே எழுதி வைத்துவிடுங்கள்.

தீபாவளி தவிர வேற என்னவெல்லாம் இப்படி நகரும்?

ரம்ஜான் நகரும், அதுவும் ஒரே திசையில். 2024-இல் தமிழ்நாட்டில் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31. ரம்ஜான் வியாபாரம் பெரிதாக இருக்கும் ஊரில் கடை வைத்திருப்பவர் மார்ச்சையும் ஏப்ரலையும் தனித்தனியாக ஒப்பிடவே கூடாது. பள்ளி திறப்பும் நகரும்: 2024-இல் ஜூன் 10, 2025-இல் ஜூன் 2. சீருடை விற்கும் கடைக்கு ஒரு வார வித்தியாசத்திலேயே கணிசமான வியாபாரம் ஜூனிலிருந்து மே கடைசிக்கு நகர்ந்துவிடும்.

பொங்கல் நகராது, ஜனவரி 14 அல்லது 15. ஆடியும் சூரிய மாதம் என்பதால் ஜூலை நடுவில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடியும். ஆடித் தள்ளுபடியை நீங்களே போன வருஷத்தைவிட ஒரு வாரம் முன்னால் தொடங்கினால் மட்டும் ஜூலை ஒப்பீடு கெடும். அது காலண்டரின் வேலையல்ல, உங்கள் முடிவு. அதனால் அறிக்கையிலேயே அதை எழுதிவிடுங்கள்.

பிப்ரவரில 4.2 லட்சம், மார்ச்ல 4.5 லட்சம். 7% வளர்ச்சின்னு எழுதலாமா?

எழுதினால் தவறான முடிவுக்குப் போவீர்கள். பிப்ரவரி 28 நாள், மார்ச் 31 நாள். கடை எல்லா நாளும் திறந்திருந்தது என்று வைத்துக்கொண்டால் பிப்ரவரியில் ஒரு நாளைக்கு 15,000 ரூபாய், மார்ச்சில் சுமார் 14,500. மொத்தம் 7% ஏறியிருக்கிறது, நாள் சராசரி 3% இறங்கியிருக்கிறது. அதிகமாக இருந்த மூன்று நாட்கள்தான் ஏற்றத்தைக் காட்டின.

இதனால்தான் எக்செல்லில் மாத ஒப்பீட்டை நாள் சராசரியில் போடச் சொன்னேன். ஆண்டு ஒப்பீட்டில் இந்தப் பிரச்சினை பிப்ரவரிக்கு மட்டும் வரும். 2024 பிப்ரவரியில் 29 நாள், 2025-இல் 28. ஒரு நாள் குறைந்ததால் மட்டுமே 3%-க்கு மேல் சரிவு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளையும் எண்ணிப் பாருங்கள். துணிக்கடைக்கு ஞாயிறு என்பது இரண்டு மூன்று சாதாரண நாட்களுக்குச் சமம். 2024 ஆகஸ்டில் நான்கு ஞாயிறு, 2025 ஆகஸ்டில் ஐந்து. உங்கள் கடையில் ஞாயிறு 30,000 ரூபாயும் மற்ற நாட்கள் 15,000 ரூபாயும் விற்கும் என்றால், ஒரு ஞாயிறு கூடியதால் மட்டுமே மாத மொத்தத்தில் 15,000 ரூபாய் கூடும். 5 லட்சம் விற்கும் மாதத்தில் அது 3%. ஆகஸ்டில் 3% ஆண்டு வளர்ச்சி வந்திருந்தால், வளர்ச்சி இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

அப்போ மாத ஒப்பீட்டையே விட்டுடலாமா?

வேண்டாம். ஏதோ தவறாகப் போகத் தொடங்கிவிட்டது என்பதை முதலில் சொல்வது அதுதான். ஆண்டு ஒப்பீட்டில் அது தெரிய நேரமாகும்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 2024 ஜூனில் 5.2 லட்சம், ஜூலையில் 4.9. 2025 ஜூனில் 6.0, ஜூலையில் 5.1. ஆண்டு ஒப்பீட்டில் ஜூன் 15% வளர்ச்சி, ஜூலை 4% வளர்ச்சி. இரண்டுமே கூட்டல்தான், முதலாளி நிம்மதியாக இருப்பார். ஆனால் ஜூனிலிருந்து ஜூலைக்கு வரும்போது போன வருஷம் 6% குறைந்த வியாபாரம் இந்த வருஷம் 15% குறைந்திருக்கிறது.

ஜூலையில் குறைவது இயல்பு. பள்ளி வியாபாரம் முடிந்திருக்கும், ஆடித் தள்ளுபடிக்கு ஜனங்கள் பெரிய கடைகளுக்குப் போவார்கள். ஜூனில் ஐந்து ஞாயிறு, ஜூலையில் நான்கு. இந்தக் காரணங்கள் இரண்டு வருஷத்துக்கும் பொது, ஞாயிறுகளின் எண்ணிக்கையும் இரண்டு வருஷத்திலும் அதேதான். ஆகவே 6%-க்கு மேல் குறைந்த 9 புள்ளிக்குக் காலண்டர் காரணம் இல்லை. கடைவீதியில் புதுக்கடை திறந்ததா, நன்றாக விற்கும் பிராண்டின் சரக்கு தீர்ந்துபோனதா, அனுபவமுள்ள சேல்ஸ்மேன் வேலையை விட்டுப் போனாரா, சாலை தோண்டி வண்டி நிறுத்த இடமில்லாமல் போனதா என்று தேட வேண்டியது இப்போதுதான். ஆண்டு ஒப்பீடு கழித்தலில் போகும்வரை காத்திருந்தால் ஆடி போய்விடும், தீபாவளிக்கு ஆர்டரும் கொடுத்திருப்பீர்கள்.

மாத ஒப்பீட்டைப் படிக்கும் முறை இதுதான். இந்த மாத மாற்றத்தைத் தனியாகப் பார்க்காமல், போன வருஷம் இதே இரண்டு மாதங்களுக்கு இடையே இருந்த மாற்றத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை மட்டும் இதைச் செய்யாதீர்கள், அங்கே தீபாவளித் தேதி எல்லாவற்றையும் குலைத்துவிடும்.

என்னோட ஃபேன்சி ஸ்டோர் ஒரு வருஷமா மாசாமாசம் 20% வளர்ந்துச்சு. இந்த ஆகஸ்ட்ல திடீர்னு 3% ஆயிடுச்சு. என்ன ஆச்சு?

போன ஆகஸ்டில் என்ன செய்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்துக் கடையையும் எடுத்துப் பெரிதாக்கியிருந்தாலோ, புதிதாகப் பொம்மைப் பிரிவு வைத்திருந்தாலோ அதுதான் விடை.

மாதம் 5 லட்சம் விற்ற கடை, 2024 ஆகஸ்டில் புதுப் பிரிவு வைத்ததும் 6 லட்சத்துக்கு ஏறி அங்கேயே நின்றது என்று வைத்துக்கொள்வோம். 2024 ஆகஸ்டிலிருந்து 2025 ஜூலை வரை ஒவ்வொரு மாதத்தையும் புதுப் பிரிவு இல்லாத பழைய மாதத்தோடு ஒப்பிடுகிறோம், ஒவ்வொரு முறையும் 20% வருகிறது. கடை வளர்ந்தது ஒரே ஒரு தடவை. அறிக்கை அதைப் பன்னிரண்டு தடவை சொன்னது. 2025 ஆகஸ்டில் 6.2 லட்சம் விற்றால், ஒப்பிடும் மாதமும் 6 லட்சம் ஆகிவிட்டதால் 3% என்று வருகிறது. வியாபாரம் எங்கேயும் விழவில்லை.

இந்தச் சமயத்தில் மாத ஒப்பீட்டைத் திருப்பிப் பார்த்தால் தெளிவாகத் தெரியும்: 2024 ஜூலைக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே ஒரு படி, அதற்குப் பிறகு சமதளம். கடையில் பெரிய மாற்றம் செய்த மாதத்தை அறிக்கையில் குறித்து வைத்தால் அடுத்த வருஷம் இந்தக் குழப்பம் வராது.

விற்பனையை ஜிஎஸ்டி சேர்த்து எழுதணுமா, சேர்க்காமலா?

சேர்க்காமல். குறிப்பாக 2025-ஐ 2024-ஓடு ஒப்பிடும்போது இதை விட்டால் கணக்கு தவறிவிடும். 2025 செப்டம்பர் 22 முதல் ஆயத்த ஆடைகளுக்கு வரி விகிதம் மாறியது. அதற்கு முன் 1,000 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 12%. இப்போது 2,500 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 18%.

1,500 ரூபாய்ச் சட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 தீபாவளிக்கு 12% சேர்த்து பில்லில் 1,680. 2025 தீபாவளிக்கு 5% சேர்த்து 1,575. உங்கள் கைக்கு வந்தது இரண்டு வருஷமும் அதே 1,500 தான். பில் தொகையை ஒப்பிட்டால் 6% சரிவு தெரியும். 3,000 ரூபாய் ஷெர்வானிக்கு நேர்மாறு: 3,360 ஆக இருந்த பில் 3,540 ஆகிவிட்டது, விற்பனை வளர்ந்ததுபோல் தெரியும்.

ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர் என்றால் அதன் 3.1(ஏ) வரியில் வரிக்கு முந்தைய மதிப்பு தனியாக இருக்கும். பழைய மாதங்களுக்கு அதையே எடுத்து எழுதலாம். தள்ளுபடி கழித்து, திரும்பி வந்த சரக்கும் கழித்த தொகையாக இருக்க வேண்டும். முக்கியமானது, இரண்டு வருஷத்துக்கும் ஒரே முறை.

செப்டம்பர்ல 23% வளர்ச்சி. ஆனா எல்லா சரக்கும் விலை ஏறிடுச்சு. இது நிஜ வளர்ச்சியா?

பில் எண்ணிக்கையைப் பிரித்துப் பாருங்கள். மாதிரிக் கடையில் 2024 செப்டம்பரில் 700 பில், சராசரி பில் 800 ரூபாய், மொத்தம் 5.6 லட்சம். 2025 செப்டம்பரில் 750 பில், சராசரி 920 ரூபாய், மொத்தம் 6.9 லட்சம். பில் 7% கூடியிருக்கிறது, ஒரு பில்லின் தொகை 15% கூடியிருக்கிறது.

கடைக்கு வந்து வாங்கியவர்கள் கூடியது 7% மட்டுமே. 15%-இல் விலையேற்றம் எவ்வளவு, ஒருவர் கூடுதலாக வாங்கியது எவ்வளவு என்று பிரிக்க, விற்ற உருப்படிகளின் எண்ணிக்கையை எடுங்கள். ஒரு பில்லுக்கு இரண்டு உருப்படி என்பது அப்படியே இருந்தால், ஏறியது விலை. அல்லது வாடிக்கையாளர் விலை கூடிய ரகத்துக்கு மாறியிருக்கிறார். செப்டம்பரில் இன்னொன்றும் கலந்திருக்கிறது: தீபாவளி முன்னால் வந்ததால் வழக்கமாக அக்டோபரில் வரும் பெரிய குடும்ப பில்கள் சில செப்டம்பரிலேயே வந்துவிட்டன. பில் தொகையையும் மூன்று மாதத்துக்குச் சேர்த்தே பார்க்க வேண்டும்.

மாசாமாச வளர்ச்சி சதவீதத்தைக் கூட்டி சராசரி எடுத்தா வருஷ வளர்ச்சி வருமா?

வராது. நவம்பரில் 15.4 லட்சத்திலிருந்து 4.0 லட்சத்துக்கு வந்தது 74% சரிவு. பழைய இடத்துக்குத் திரும்பப் போக 74% ஏறினால் போதாது, 285% ஏற வேண்டும். இறங்குவதும் ஏறுவதும் வேறு வேறு தொகையின் மேல் கணக்கிடப்படுவதால் இவற்றைக் கூட்டுவதில் அர்த்தமில்லை. துணிக்கடையில் மாத ஒப்பீட்டின் சராசரி எடுத்தால், வியாபாரம் ஓர் அடிகூட நகராத வருஷத்திலும் பெரிய வளர்ச்சி காட்டும்.

வருஷ வளர்ச்சி வேண்டுமானால் கடைசி 12 மாத மொத்தத்தை அதற்கு முந்தைய 12 மாத மொத்தத்தோடு ஒப்பிடுங்கள்:

```
G25:  =SUM(B14:B25)/SUM(B2:B13)-1
```

பெரும்பாலும் இதில் ஒவ்வொரு பக்கமும் ஒரு தீபாவளி, ஒரு பொங்கல், ஒரு பள்ளி திறப்பு இருக்கும். வங்கியில் கடன் கேட்கும்போது கேட்டால் இந்த எண்ணையே சொல்லுங்கள். அக்டோபர் முடிவில் மட்டும் இதைக் கணக்கிடாதீர்கள், ஒரு பக்கத்தில் முழுத் தீபாவளியும் மறுபக்கத்தில் பாதியும் விழக்கூடும். நவம்பர் முடிந்தபின் எடுங்கள்.

கடை தொடங்கி எட்டு மாசம்தான் ஆச்சு. போன வருஷமே இல்லையே?

ஆண்டு ஒப்பீடு கிடையாது, அதை ஏதாவது வைத்து நிரப்பப் பார்க்காதீர்கள். நாள் சராசரியையும் பில் எண்ணிக்கையையும் வாரவாரம் எழுதுங்கள். ஞாயிறை ஞாயிறோடும் சாதாரண நாளைச் சாதாரண நாளோடும் ஒப்பிடுங்கள். உங்களுக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரியிடம் இந்த மாதம் மற்ற கடைகள் எப்படி எடுக்கின்றன என்று கேளுங்கள். உங்கள் மாதம் மந்தமானது உங்களுக்கு மட்டுமா, ஊருக்கே மந்தமா என்று அவருக்குத் தெரியும். முதல் தீபாவளியின் 45 நாள் தினசரி விற்பனையை மட்டும் எப்படியாவது முழுமையாக எழுதி வைத்துவிடுங்கள். இரண்டாம் வருஷம் சரக்கு எடுக்க உட்காரும்போது முதலில் தேவைப்படுவது அந்தத் தாள்தான்.

மாசக் கடைசியில அறிக்கையில என்னென்ன எழுதினா போதும்?

மொத்த விற்பனை, கடை திறந்திருந்த நாட்கள், ஞாயிறுகளின் எண்ணிக்கை, பில் எண்ணிக்கை. நாள் சராசரியில் மாத ஒப்பீடு, அதன் பக்கத்தில் போன வருஷத்தின் அதே மாத ஒப்பீடு. பிறகு ஆண்டு ஒப்பீடு. கடைசியில் குறிப்புக்கு ஓர் அகலமான பத்தி: பண்டிகைத் தேதி, தள்ளுபடி தொடங்கிய நாள், மழையால் கடை மூடிய நாட்கள், வரி மாற்றம், புதுப் பிரிவு. 2025 அக்டோபர் வரியில் −6% என்று இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் "தீபாவளி 20-ஆம் தேதி, பருவம் செப்டம்பரிலேயே தொடங்கியது, மூன்று மாதம் சேர்த்து +5%" என்று எழுதியிருந்தால், 2026 அக்டோபர் அறிக்கையை யார் எடுத்துப் படித்தாலும் புரியும்.